உணவுக்குழாய் எங்கே முடிகிறது? செரிமானக் குழாயின் சுவரை நுண்ணோக்கியில் படிப்பது

1950ஆம் ஆண்டு, லண்டனில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நார்மன் பேரட் ஒரு கட்டுரை வெளியிட்டார். மார்புக்குள் இருக்கும் குழாயின் கீழ்ப்பகுதியில், சில நோயாளிகளுக்கு ஆழமான புண்கள் வருகின்றன. அந்தப் புண்ணைச் சுற்றியுள்ள உட்பரப்போ உணவுக்குழாய்க்கு உரியதாக இல்லை, இரைப்பையின் உட்பரப்பைப் போல இருக்கிறது. அப்படியானால் அந்தக் குழாய் எது? பேரட்டின் பதில் தெளிவானது. உணவுக்குழாய் என்பது தட்டையான செல்கள் அடுக்கடுக்காகப் போர்த்திய பகுதி மட்டுமே. இரைப்பையின் செல்கள் தெரிந்தால் அது இரைப்பை. பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையாக இருந்ததால் இரைப்பை மார்புக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

அந்த முடிவு தவறு. மூன்றே ஆண்டுகளில், லீட்ஸ் நகரின் பிலிப் அலிசனும் ஆலன் ஜான்ஸ்டோனும் அதைத் திசுக்களை வைத்தே மறுத்தார்கள். அவர்கள் பார்த்தது உட்பரப்பை மட்டுமல்ல. சுவர் முழுவதையும் பார்த்தார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, தொண்டைக்குக் கீழே தொடங்கி பெருங்குடல் வரை இந்தச் சுவர் எப்படி மாறிக்கொண்டே போகிறது, எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்று பார்த்தாக வேண்டும்.

குழாயின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் உள்ளிருந்து வெளியே நான்கு அடுக்குகள் இருக்கும். முதலாவது கோழைப்படலம். உணவைத் தொடும் எபிதீலியம், அதைத் தாங்கும் தளர்வான இணைப்புத்திசு, அதற்கும் கீழே நூல் போன்ற ஒரு மெல்லிய தசைக்கீற்று ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் படலம். இரண்டாவது, ரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓடும் கோழைக்கீழ்ப்படலம். மூன்றாவது, உணவைத் தள்ளும் தடித்த தசைச்சுவர்: உள்ளே வட்டமாகவும் வெளியே நீளவாக்கிலும் ஓடும் இரண்டு தசையடுக்குகள், நடுவில் ஒரு நரம்புப் பின்னல். நான்காவது வெளியுறை. இந்தத் திட்டம் எங்கும் ஒன்றுதான். மாற்றங்களில் பெரும்பகுதி முதல் அடுக்கில் நடக்கிறது. மற்ற மூன்றிலும் மாற்றங்கள் உண்டு. அவை குறைவானவை, ஆனால் நம்பகமானவை. பேரட் முதல் அடுக்கை மட்டும் வைத்து வரையறை செய்தார். அங்கேதான் சறுக்கினார்.

உணவுக்குழாயின் வேலை கடத்துவது மட்டும்தான். விழுங்கிய கவளம் சில நொடிகளில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டரைக் கடந்துவிடும். இங்கே உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. உரசலைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் எபிதீலியம் தடித்தது, பல அடுக்குத் தட்டுச் செல்களால் ஆனது. மேலடுக்குகள் தேய்ந்து உதிர, அடியில் உள்ள செல்கள் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. தோலும் இப்படித்தான் அமைந்திருக்கிறது, ஆனால் தோலில் இருக்கும் உலர்ந்த கெரட்டின் போர்வை இங்கே இல்லை. மேலே உள்ள செல்களிலும் உட்கரு தெரியும்.

கோழைக்கீழ்ப்படலத்தில் சிறுசிறு கொத்துகளாகக் கோழைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் நாளங்கள் மேல்நோக்கிச் சென்று, தட்டுச் செல் அடுக்கைத் துளைத்துக்கொண்டு பரப்பில் திறக்கின்றன. செரிமானக் குழாய் முழுவதிலும் கோழைக்கீழ்ப்படலத்துக்குள் சுரப்பிகள் இருக்கும் இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று உணவுக்குழாய், மற்றொன்று சிறுகுடலின் தொடக்கமான டியோடினம். பெயரில்லாத ஒரு கண்ணாடித் தகட்டைக் கையில் கொடுத்து இடத்தைக் கேட்டால், நான் முதலில் இந்தச் சுரப்பிகளைத்தான் தேடுவேன். அவை இருந்தால் விடை இரண்டில் ஒன்று. பிறகு எபிதீலியத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தசைச்சுவரிலும் ஒரு தனித்தன்மை உண்டு. விழுங்குவதைத் தொடங்குவது நம் விருப்பம், முடிப்பது உடலின் விருப்பம். அந்தக் கைமாற்றம் தசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேல் மூன்றில் ஒரு பங்கில் கை கால்களில் இருப்பதைப் போன்ற வரித்தசை, நடுவில் இரண்டும் கலந்தது, கீழ்ப்பகுதியில் முழுக்க மென்தசை. வெளியுறையும் வேறுபட்டது. வயிற்றறைக்குள் இருக்கும் இரைப்பைக்கும் குடலின் பெரும்பகுதிக்கும் வழுவழுப்பான செரோசா என்ற மெல்லுறை இருக்கிறது. மார்புக்குள் இருக்கும் உணவுக்குழாய்க்கு அது கிடையாது. தளர்வான இணைப்புத்திசு மட்டுமே அதைச் சுற்றியுள்ள உறுப்புகளோடு பிணைக்கிறது. இங்கே தையல் போடும் அறுவை மருத்துவர்கள் கசிவுக்கு அஞ்சுவதற்கு இது ஒரு காரணம். தையலைத் தாங்கிப் பிடித்து அடைக்கும் அந்த உறை இங்கே இல்லை.

முன்பற்களிலிருந்து அளந்தால், வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில் உணவுக்குழாய் இரைப்பையைச் சந்திக்கிறது. வாய்வழியே உள்ளே செலுத்திப் பார்க்கும் அகநோக்கியில் வெளிர் நிறப் பரப்பும் சிவந்த பரப்பும் ஒரு வளைந்து நெளியும் கோட்டில் சந்திப்பது தெரியும். நுண்ணோக்கியில் இந்த மாற்றம் இன்னும் திடுதிப்பென்று இருக்கிறது. ஒரு செல் வரை பல அடுக்குத் தட்டு எபிதீலியம்; அடுத்த செல்லிலிருந்து ஒரே வரிசை உயரமான தூண் செல்கள். இடையில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் கீழே இருக்கும் கோழைக்கீழ்ப்படலமும் தசையும் அதே கோட்டில் முறிந்து மாறுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரைப்பையில் பரப்பு முழுவதும் கோழை சுரக்கும் தூண் செல்களாலானது. எல்லாச் செல்லும் சுரக்கிறது. கோழைக்கென்றே தனியாக இருக்கும் கோப்பை வடிவச் செல்கள் இங்கே இல்லை. இந்தப் பரப்பு கீழ்நோக்கி மடிந்து குழிகளாகிறது. குழிகளின் அடியில் குழாய் போன்ற சுரப்பிகள் திறக்கின்றன. இரைப்பையின் உடல்பகுதியில் குழிகள் ஆழமற்றவை, படலத்தின் தடிமனில் கால் பங்கு அளவே. எஞ்சியது முழுவதும் நெருக்கமான நேரான சுரப்பிகள். வழக்கமான சாயத்தில் அவற்றின் மேற்பாதி இளஞ்சிவப்பாகவும் அடிப்பாதி நீலஊதாவாகவும் தெரியும். சிவப்பு, அமிலம் சுரக்கும் ஆக்ஸின்டிக் செல்களால் வருவது. அமிலத்தை வெளியேற்ற அவற்றுக்கு ஏராளமான ஆற்றல் வேண்டும், அதற்கான மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்லை நிறைத்திருக்கின்றன, அவை சிவப்புச் சாயத்தை ஏற்கின்றன. நீலம், பெப்சினின் முன்வடிவத்தைத் தயாரிக்கும் முதன்மைச் செல்களால் வருவது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் நீலச் சாயத்தை ஏற்கின்றன. சாயத்தின் நிறமே செல்லின் தொழிலைச் சொல்லிவிடுகிறது.

வெளிவாயிலை நோக்கிச் செல்லச்செல்ல இந்தச் சித்திரம் மாறுகிறது. குழிகள் ஆழமாகி படலத்தின் பாதி வரை இறங்குகின்றன. சுரப்பிகள் சுருண்டு, பெரும்பாலும் கோழை மட்டுமே சுரக்கின்றன. மேல்முனையில் உணவுக்குழாயை ஒட்டிய குறுகிய பகுதியிலும் கோழைச் சுரப்பிகளே அதிகம். தசைச்சுவரில் இரைப்பைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சாய்வு அடுக்கு உண்டு, கடைவதற்கு. ஆனால் வெட்டும் கோணத்தைப் பொறுத்து அது தெளிவாகத் தெரியாமல் போகலாம். தகட்டில் மூன்று அடுக்குகளை எண்ணித்தான் இரைப்பை என்று சொல்வேன் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

இப்போது அலிசனும் ஜான்ஸ்டோனும் கண்டதைச் சொல்லலாம். அறுவையில் எடுத்த அந்தக் கீழ்க்குழாய்களை அவர்கள் வெட்டிப் பார்த்தார்கள். வெளியே வயிற்றறையின் செரோசா உறை இல்லை. அது இரைப்பையாக இருந்தால் இருந்திருக்க வேண்டும். தசைச்சுவர் உணவுக்குழாயின் அமைப்பிலேயே இருந்தது. கோழைக்கீழ்ப்படலத்தில் உணவுக்குழாய்க்கே உரிய கோழைச் சுரப்பிகள் இருந்தன. தூண் செல் பரப்பின் நடுவே தட்டு எபிதீலியத் தீவுகள் ஆங்காங்கே எஞ்சியிருந்தன. அந்த ‘இரைப்பைப்’ படலத்தில் அமிலம் சுரக்கும் செல்களையும் காணோம். ஆக, சுவர் முழுவதும் உணவுக்குழாய். உட்பூச்சு மட்டும் வேறு. 1957இல் பேரட் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, அதை உணவுக்குழாய் என்றே ஏற்றுக்கொண்டார். அவர் முதலில் தவறாக விளக்கிய அந்த நிலையே இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இரைப்பையின் அமிலமும் அதோடு வரும் பித்தமும் ஆண்டுக்கணக்கில் மேலே ஏறி வந்து தட்டு எபிதீலியத்தைக் காயப்படுத்த, அந்த இடத்தை அமிலத்தைத் தாங்கக்கூடிய தூண் செல்கள் பிடித்துக்கொள்கின்றன என்பதே இன்றைய புரிதல்.

அந்தத் தூண் செல்களுக்கு இடையே பெரும்பாலும் கோப்பை வடிவச் செல்களும் தோன்றுகின்றன. அவை உணவுக்குழாய்க்கும் உரியவை அல்ல, இரைப்பைக்கும் உரியவை அல்ல. அவற்றின் சொந்த ஊர் குடல்.

இரைப்பையின் வெளிவாயிலைத் தாண்டியதும் உட்பரப்பு முதன்முறையாக உறிஞ்சும் வேலைக்குத் தயாராகிறது. வேண்டியது பரப்பளவு. சிறுகுடல் அதை மூன்று படிகளில் பெருக்குகிறது. முதலில் கண்ணுக்குத் தெரியும் வட்ட மடிப்புகள். இவற்றின் நடுவே கோழைக்கீழ்ப்படலமும் ஏறி நிற்பதால், குடல் விரிந்தாலும் இவை தட்டையாவதில்லை. அந்த மடிப்புகளின் மேல் விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள், அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரம். இவற்றின் நடுவே கோழைப்படலத்தின் இணைப்புத்திசு மட்டுமே இருக்கும். பிறகு ஒவ்வொரு உறிஞ்சு செல்லின் தலையிலும் ஆயிரக்கணக்கில் நுண்விரல்கள். குடலின் உட்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2014இல் ஸ்வீடனின் ஹெலாண்டரும் ஃபான்ட்ரிக்ஸும் திரும்பக் கணக்கிட்டபோது, செரிமானக் குழாய் முழுவதற்கும் சராசரியாக 32 சதுர மீட்டர் என்று வந்தது. டென்னிஸ் மைதானக் கணக்கு இன்னும் பல புத்தகங்களில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் லீபர்கூன் குழிகள் இறங்குகின்றன. புதிய செல்கள் இங்கே பிறந்து, மேலே நகர்ந்து, நுனியை எட்டி உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்குச் சில நாட்களே ஆகும். குழியின் அடியில் சிவந்த மணிகள் நிறைந்த பேனத் செல்கள் நிற்கின்றன. கிருமிகளைக் கொல்லும் பொருட்களைச் சுரந்து, பக்கத்தில் இருக்கும் மூலச்செல்களைப் பாதுகாப்பவை அவை.

சிறுகுடலின் மூன்று பகுதிகளையும் பிரித்தறிவது கடினமல்ல. டியோடினத்தின் கோழைக்கீழ்ப்படலத்தில் பிரன்னர் சுரப்பிகள் உண்டு. காரத்தன்மையுள்ள கோழையைச் சுரந்து, இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தின் கடுமையைத் தணிக்கின்றன. இரைப்பைக்கு அருகே அவை நெருக்கமாக இருந்து, போகப்போக அரிதாகின்றன. அடுத்து வரும் ஜெஜுனத்தில் சுரப்பிகளும் இல்லை, பெரிய நிணநீர்த் திட்டுகளும் இல்லை. உயரமான மடிப்புகளும் உயரமான குடலுறிஞ்சிகளும்தான். கடைசியான இலியத்தில் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, கோப்பைச் செல்கள் பெருகி, பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர்த் திசுத் திரள்கள் தோன்றுகின்றன. பாக்டீரியாக்கள் மிகுந்த பெருங்குடலுக்கு முன்வாசலில் காவல் பலப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாவது, கோதுமைப் புரதமான குளூட்டனுக்கு உடல் எதிர்வினை செய்யும் சீலியாக் நோயின் முக்கிய அடையாளம். ஆனால் தட்டையாகத் தெரிவதெல்லாம் நோய் அல்ல. திசுத்துண்டு மெழுகில் சாய்ந்து பதிந்திருந்தால், நேராக நிற்கும் குடலுறிஞ்சிகளும் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகவே தெரியும். ஒரே வரிசையாக இருக்க வேண்டிய எபிதீலியம் பல அடுக்கு போலவும், நீளமாக இருக்க வேண்டிய குழிகள் வட்டங்களாகவும் தெரிந்தால், வெட்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை விட்டு, அருகருகே சில குடலுறிஞ்சிகள் அடி முதல் நுனி வரை முழுமையாகத் தெரியும் இடத்தில் அளக்க வேண்டும். அங்கே குடலுறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பிரன்னர் சுரப்பிகளுக்கு நேர்மேலே மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது; இயல்பான நிலையிலேயே அங்கே குடலுறிஞ்சிகள் குட்டையாக இருக்கும்.

பெருங்குடலில் குடலுறிஞ்சிகள் அடியோடு மறைந்துவிடுகின்றன. பரப்பு தட்டையானது; அதிலிருந்து நேரான குழிகள், சோதனைக் குழாய்களைத் தாங்கியில் அடுக்கியதைப் போல, ஒரே ஆழத்துக்கு இறங்குகின்றன. குழிச்சுவர்களில் பெரும்பாலும் கோப்பைச் செல்களே தெரியும். இங்கே முக்கிய வேலை நீரை உறிஞ்சுவதும், இறுகும் கழிவை வழுக்கி நகர்த்துவதும், பெரும் பாக்டீரியாக் கூட்டத்தைச் சுவரிலிருந்து விலக்கி வைப்பதும். கோப்பைச் செல்களின் கோழை இரண்டு படலங்களாக அமைகிறது. வெளிப்படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, சுவரை ஒட்டிய உட்படலத்தில் ஏறத்தாழ அவை இருப்பதே இல்லை. வெளித்தசையில், நீளவாக்கு அடுக்கு மூன்று நாடாக்களாகத் திரண்டுவிடுகிறது. ஒரு வெட்டில் நாடா சிக்கினால் தசை தடித்தும், சிக்காவிட்டால் மெலிந்தும் தெரியும்.

பேனத் செல்கள் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் இருக்கலாம். இடப்பக்கப் பெருங்குடலில் இருக்கக்கூடாது. அங்கே அவை தெரிந்தால், நேர்வரிசையாக இருக்க வேண்டிய குழிகள் கிளைத்தும் வளைந்தும் இருந்தால், அந்தச் சுவர் நெடுநாள் அழற்சியைக் கடந்து வந்திருக்கிறது என்று நோய்க்குறியியலாளர் எழுதுவார். பேனத் செல் தன்னளவில் நல்ல செல்தான். இருக்கும் இடம்தான் செய்தி.

சுவரின் இன்னொரு மாற்றம் வெளிப்பார்வைக்குத் தெரியாதது, ஆனால் விளைவில் பெரியது. உணவுக்குழாயில் நிணநீர்க் குழாய்கள் கோழைப்படலத்தின் உள்ளேயே, எபிதீலியத்துக்கு மிக அருகில் வரை வருகின்றன. பெருங்குடலின் கோழைப்படலத்தில் அவை மிக அரிது. பெரும்பாலும் மெல்லிய தசைக்கீற்றை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான். அதனால் பெருங்குடலில் ஒரு புற்று கோழைப்படலத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. நோய் நிலை வகைப்பாட்டில் அதை இன்னும் ஊடுருவாத நிலையாகவே கணக்கிடுகிறார்கள். உணவுக்குழாயில் அதே ஆழத்துக்கு இறங்கிய புற்று ஊடுருவிய புற்றாகவே எண்ணப்படுகிறது. அங்கே பரவும் வாய்ப்பு சிறியதுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. ஒரே ஆழம், ஒரே பெயருள்ள அடுக்கு. சுவரின் உள் அமைப்பு வேறாக இருப்பதால் வேறு கணக்கு.

இனி ஒரு திசுத்துண்டை எடுத்துக்கொள்வோம். நெடுநாள் நெஞ்செரிச்சல் உள்ள ஒருவருக்கு அகநோக்கிப் பரிசோதனை. இரைப்பை மடிப்புகளின் மேல்முனை 40 சென்டிமீட்டரில் இருக்கிறது, வெளிர் பரப்போ 36இலேயே முடிந்துவிடுகிறது. இடையில் உள்ள 4 சென்டிமீட்டர் சிவந்த பரப்பில், 38 சென்டிமீட்டரில், சிறு இடுக்கியால் சில துண்டுகள் எடுக்கப்படுகின்றன. நுண்ணோக்கியில் தட்டு எபிதீலியம் இல்லை; தூண் செல்கள், அவற்றிடையே வட்டமாக உப்பிய சில செல்கள்.

முதல் கேள்வி, அவை உண்மையான கோப்பைச் செல்களா? இரைப்பைப் பரப்புச் செல்களும் சில வேளைகளில் கோழை நிரம்பி உப்பி, கோப்பைபோல் நடிக்கும். ஆல்சியன் நீலம் என்ற சாயத்தை pH 2.5 என்ற அமில நிலையில் வைத்துப் பூசினால், குடல்வகை அமிலக் கோழை அடர்நீலமாகும். இரைப்பையின் நடுநிலைக் கோழை பொதுவாக ஆகாது. நடிக்கும் செல்களும் மங்கலாக நீலம் பிடிப்பதுண்டு, ஆகவே வடிவத்தையும் பார்க்க வேண்டும். உண்மையான கோப்பைச் செல்கள் மற்ற செல்களுக்கு நடுவே தனித்தனியாகச் சிதறி இருக்கும். நடிப்பவை தொடர் வரிசையாக வரும்.

இரண்டாவது கேள்வி கடினமானது. கோப்பைச் செல்கள் இருக்கின்றன. ஆனால் துண்டு உணவுக்குழாயிலிருந்து வந்ததா, இரைப்பையின் மேல்முனையிலிருந்து வந்ததா? ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று நெடுநாள் இருந்தால் இரைப்பையிலும் கோப்பைச் செல்கள் தோன்றும். அலிசனுக்கும் ஜான்ஸ்டோனுக்கும் சுவர் முழுவதும் கையில் இருந்தது. இடுக்கி பெரும்பாலும் கோழைப்படலத்தை மட்டுமே கிள்ளும். கோழைக்கீழ்ச் சுரப்பியும் தசைச்சுவரும் வெளியுறையும் அதில் வராது. எனவே கிடைத்த சிறு துண்டில் உணவுக்குழாயின் எச்சங்களைத் தேட வேண்டும். ஆழத்துச் சுரப்பியிலிருந்து மேலேறும் நாளத்தின் ஒரு வெட்டு. தூண் செல் பரப்பின் மேல் கூரைபோல் படர்ந்த தட்டு எபிதீலியத் துணுக்கு. இந்த நோயில் அடிக்கடி நேர்வதுபோல் இரட்டையாகப் பிரிந்த மெல்லிய தசைக்கீற்று. இவற்றில் ஒன்று கிடைத்தால் இடம் உறுதி. ஒன்றும் கிடைக்காவிட்டால், திசுவை மட்டும் வைத்து இடத்தைச் சொல்ல முடியாது. அகநோக்கி மருத்துவர் எழுதிய 36, 38, 40 என்ற எண்கள்தான் முடிவைத் தாங்குகின்றன. புட்டியின் மேல் ‘கீழ் உணவுக்குழாய்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், நோய்க்குறியியலாளர் 1950இல் பேரட் நின்ற அதே இடத்தில் நிற்கிறார்: உட்பரப்பு தெரிகிறது, சுவர் தெரியவில்லை.

நம் எடுத்துக்காட்டில் ஒரு துண்டின் அடியில் நாளம் ஒன்று தெரிகிறது. அதன் மேலேயே கோப்பைச் செல்களும் இருக்கின்றன. அறிக்கையில் ‘குடல்வகை மாற்றத்துடன் கூடிய தூண் எபிதீலிய உணவுக்குழாய்’ என்று எழுதலாம். அமெரிக்க வழிகாட்டுதலின்படி பேரட் உணவுக்குழாய் என்று சொல்ல கோப்பைச் செல் தேவை. பிரிட்டிஷ் வழிகாட்டுதல் அதைக் கட்டாயமாக்குவதில்லை. இந்தத் துண்டு இரண்டின்படியும் தேறிவிடுகிறது. அடுத்து அந்தச் செல்களின் உட்கருக்கள் ஒழுங்காக அடியில் நிற்கின்றனவா, புற்றை நோக்கிய மாற்றமாகப் பெருத்து அடர்ந்து மேலேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நோயாளிக்கு எத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் அகநோக்கி வேண்டும் என்பதில் அந்தப் பார்வைக்கும், 4 சென்டிமீட்டர் என்ற நீளத்துக்கும் பங்கு இருக்கிறது.